அறுபத்தைந்து தப்படி

எனக்குக் கோபம் வந்தால் கை முதலில் ஹாரனுக்குப் போகும், வாய் அதற்கப்புறம் திறக்கும். இரண்டும் ஒன்றாக வேலை செய்த நாட்களும் உண்டு. பேராவூரணியில் வாடகைக் கார் ஓட்டிய இருபத்துச் சொச்சம் வருஷத்தில் எதிரே வந்தவனிடம், பின்னால் வந்தவனிடம், குறுக்கே வந்த ஆட்டிடம் என்று நான் சண்டை போடாத ஜீவன் கிடையாது. ஒரே ஒரு சண்டையைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அதைச் சொல்ல, முதலில் நான் கார் மாற்றிய கதையைச் சொல்ல வேண்டும்.

ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் பிழைப்பே திருச்சி ஏர்போர்ட்தான். விமானம் என்னவோ ராத்திரியில்தான் வரும், ராத்திரியில்தான் போகும். தஞ்சாவூர் தாண்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக ஊர் வந்து சேர்வதற்குள் கடைத்தெரு இருக்கிற இடத்தில் நாலு விளக்கு எரியும், மற்ற இடமெல்லாம் கும்மிருட்டு. இரண்டு பக்கமும் வயல். நம் வண்டியின் விளக்கு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் உலகம்.

இதில் தை மாதம் வந்துவிட்டால் இன்னொரு தொல்லை. சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். காயவைக்கக் களம் போதாது. தார் ரோட்டைப் போல நெல்லைக் காயவைக்கிற இடம் வேறு ஏது? பகலெல்லாம் ரோட்டில் பாதியை அடைத்துப் பரப்பிவைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் குவித்து, கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் கல்லை வைத்துவிட்டு, காவலுக்கு அதன் பக்கத்திலேயே ஒருத்தர் படுத்துக்கொள்வார். தார் ரோடு கறுப்பு, தார்ப்பாய் கறுப்பு, ராத்திரி அதைவிடக் கறுப்பு. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, எனக்கும் ஒரு மா நிலம் இருந்தது, நானும் அதே ரோட்டில்தான் காயவைத்தேன்.

என் பழைய வண்டியின் விளக்கு மின்மினிப்பூச்சிக்கு அக்கா தங்கச்சி. ஒரு தை மாதம் ஏர்போர்ட்டில் ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது அந்த வண்டியைக் கொண்டுபோய் ஒரு நெல் குவியலில் சொருகிவிட்டேன். பிரேக்கை மிதித்தேன், மிதிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். கண்ணுக்குத் தெரிந்தபோது குவியல் மூக்குக்கு முன்னால் இருந்தது. பம்பர் நெல்லுக்குள் போய் நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து போர்வையோடு ஒரு ஆள் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார், தார்ப்பாயைப் பார்த்தார். “கிழிஞ்சிருச்சே அண்ணே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இந்தப் பக்கம் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். “போதும், ராத்திரி வண்டியே வேணாம்” என்றாள். ராத்திரி வண்டி இல்லாவிட்டால் வண்டியே இல்லை, பிழைப்பும் இல்லை. ஒரு வாரம் வாக்குவாதம். கடைசியில் அவளே ஒரு வழிக்கு வந்தாள்.

“அறுபதுல போனா வண்டி நிக்கிறதுக்கு எவ்வளவு தூரம் வேணும்?”

மறுநாள் சாயங்காலம் ஆளில்லாத ரோட்டில் அவளை ஓரமாக நிறுத்தி வைத்து, அவள் கை தட்டினதும் பிரேக் போட்டுப் பார்த்தேன். அறுபதில் போனால் ஒரு நொடிக்கே ஐம்பதடிக்கு மேல் ஓடிவிடும். கை தட்டல் காதில் விழுந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு நொடி போய்விடுகிறது, அப்புறம்தான் பிரேக்கே பிடிக்கிறது. அவள் நடந்து எண்ணினாள். ஐம்பது தப்படி.

“அப்ப ஐம்பது தப்படிக்கு முன்னாடி கறுப்புத் தார்ப்பாய் கண்ணுக்குத் தெரியணும். அப்படி ஒரு வண்டி வாங்குங்க. தெரியலைன்னா ராத்திரி ஓட்டக்கூடாது. என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணுங்க.”

பண்ணினேன்.

பாதிப் பணம் போடுகிறவர் என் மச்சான், மனைவியின் அண்ணன், சிங்கப்பூரில் வெல்டர். மனிதர் தங்கம்தான், ஆனால் போனிலேயே வண்டியை முடிவு பண்ணிவிட்டார். “மாப்ள, அந்த வெள்ளைக் கார விட்றாத. கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு பேப்பர் ஒட்டி, பாக்கவே கப்பல் கணக்கா இருக்குமாம். ஊருக்குள்ள எறங்குனா ஒரு மரியாதை வேணாமா?” மரியாதை. நெல் குவியலுக்கு மரியாதை தெரியுமா?

தஞ்சாவூரில் பழைய கார் வாங்கி விற்கிற யார்டு ஒன்றில் மச்சான் சொன்ன வெள்ளைக் காரும் நின்றது, அதற்குப் பக்கத்தில் பெட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி உயரமாக ஒரு நீலவண்டியும் நின்றது. மூன்று வரிசை சீட்டு. அழகு என்று அதில் எதுவும் கிடையாது. இரண்டையும் அமாவாசை அன்றைக்கு விளக்கு வைத்த பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். புரோக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பொண்ணு பாக்க ராகுகாலம் பாத்து வந்தவங்க உண்டு. அமாவாசை பாத்து வந்தவரு நீங்கதாண்ணே.”

“நான் குடும்பம் நடத்தப்போறதே இருட்டுலதான். இருட்டுலதான் பாப்பேன்.”

கிண்டல் பண்ணினாலும் ஆள் வந்தார். ஒரு வண்டியை அவர் ஓட்ட, ஒன்றை நான் ஓட்ட, வல்லம் பக்கம் ஒரு கிளை ரோட்டுக்குப் போனோம். மனைவியும் வந்திருந்தாள். பொழுது மயங்கும்போதே முதல் வேலையாக என்னை வெள்ளைக் காரின் ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, அவள் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தாள். முன் கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற தூண் என் தொடை அளவுக்குத் தடிமன். வலது பக்கம் நாலு எட்டு நடந்ததும் அவளும் சைக்கிளும் அதற்குப் பின்னால் காணாமல் போனார்கள். வலது பக்கம் வளைவு வந்தால் எதிரே வருகிற ஆளை அப்படியே விழுங்கிவிடும். பின்பக்க மூலையில் இன்னொரு முறை காணாமல் போனாள். கறுப்பு பேப்பர் ஒட்டியதால் பக்கக் கண்ணாடியில் அவள் சேலை நிறமே தெரியவில்லை.

“இருக்கேனா?” என்று கத்தினாள்.

“இல்ல.”

“இப்ப?”

“இப்பவும் இல்லடி.”

நீலவண்டியில் தூண் மெலிசு, சீட் உயரம், நாலு பக்கமும் பெரிய கண்ணாடி. பின் கண்ணாடி ஜன்னல் மாதிரி அகலம். சைக்கிள் சக்கரம்தான் ஒரே ஒரு இடத்தில் மறைந்தது, அவள் மறையவே இல்லை.

இருட்டினதும் ஒரு கோணிமூட்டையின் மேல் கறுப்புத் தார்ப்பாயைப் போட்டு ரோட்டின் இடது பக்கம் வைத்தோம். டிம் லைட்டில்தான் பார்க்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். பிரைட் போட்டால் எல்லா வண்டியும் ராஜாதான். எதிரே வண்டி வந்துகொண்டே இருக்கும்போது யார் பிரைட் போட முடியும்? ஊர்ந்து வந்து, தார்ப்பாய் கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்த வேண்டும், அவள் நடந்து எண்ண வேண்டும். வெள்ளைக் காருக்கு முன்விளக்கு பெரிசுதான், ஆனால் மேலே மூடியிருக்கிற பிளாஸ்டிக் வெயிலில் வெந்து, கண்ணில் புரை விழுந்த மாதிரி மஞ்சளித்துக் கிடந்தது. மூன்று முறை பார்த்தோம். முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தொன்பது. நீலவண்டிக்குக் கண்ணாடி மூடி, உள்ளே ரசம் போகாத பளபளப்பு. அறுபத்தைந்து, அறுபத்தாறு, அறுபத்தைந்து.

அவள் ரோட்டிலேயே நின்று சிரித்தாள். நெல்லில் சொருகின பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

புரோக்கருக்கு வெள்ளைக் காரைத் தள்ளிவிடும் ஆசை. “அண்ணே, அந்த மூடியைப் பாலிஷ் போட்டாத் தெளிஞ்சிரும். அப்புறம் இதப் பாருங்க, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஒரு குமிழ் இருக்கு. பின்னாடி லோடு ஏத்துனா திருப்பி வெச்சுக்கலாம், லைட்டு கீழ எறங்கும். நீல வண்டியில அது இல்ல” என்றார்.

“ரேடியோவுக்குத்தான் குமிழ் வேணும், லைட்டுக்கு எதுக்கு? லைட்டு ரோட்டைப் பாத்தாப் போதும்” என்றேன். பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் கிடந்து குடைகிறது.

மச்சானிடம் போனில் கத்தி, கெஞ்சி, நீலவண்டியையே வாங்கினேன். கோயில் வாசலில் பூஜை போட்டபோது ஐயர் முன்விளக்கு இரண்டிலும் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தார். கற்பூரம் அணைவதற்குள் ஈரத்துணியால் துடைத்தேன். “சாமிக்கு வெச்சதுங்க” என்று மனைவி பதறினாள். சாமிக்கு வெளிச்சம் தேவையில்லை, எனக்குத் தேவை. மெக்கானிக் அதிக வாட்ஸ் பல்பு போடலாம் என்று ஆசை காட்டினான், ஒயர் உருகிவிடும் என்று அதற்கும் மறுத்துவிட்டேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவன்தான் நான். அதை மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரமே, அறுவடை முடிவதற்குள், மச்சான் லீவில் வந்தார். இந்த வண்டிக்கு அதுதான் முதல் ஏர்போர்ட் சவாரி. அழைத்துவர நான் மட்டும் போனேன். ஏர்போர்ட்டில் அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்து, “இதுக்குத்தானா இம்புட்டு சண்டை” என்றார். அப்புறம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒரு ஆள் பெட்டியா அது? அவருடையது இரண்டு, கூட வேலை பார்க்கிற நாலு பேர் தங்கள் வீட்டுக்குக் கொடுத்துவிட்டது நாலு, அதற்கு மேல் ஒரு டிவி. எங்கள் பக்கம் லீவில் வருகிறவன் தனக்காக மட்டும் வருவதில்லை, அந்த ரூமில் இருக்கிற எல்லோருக்குமாக வருகிறான். கடைசி வரிசை சீட்டை மடித்து அத்தனையையும் பின்னால் அடைத்தேன். மச்சான் காலை நீட்ட வேண்டும் என்று நடு சீட்டில் படுத்துக்கொண்டார். என் பக்கத்து சீட் காலி.

தஞ்சாவூர் வரைக்கும் ரோட்டில் விளக்கும் வண்டியுமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஒரத்தநாடு தாண்டினதும் பனி இறங்க ஆரம்பித்தது. என் விளக்குக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் காயப்போட்ட மாதிரி ஒரு திரை. பனி என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் எதிரே வந்த முதல் வண்டி லைட் அடித்துக் காட்டியது. நான் டிம்மில்தான் இருந்தேன். குனிந்து ஸ்விட்சைப் பார்த்தேன், டிம்தான். “யோவ், டிம்முலதான்யா வர்றேன்!” என்று கத்தினேன். அடுத்த வண்டியும் அடித்தது. அதற்கடுத்தவன் அடிக்கவில்லை, பிரைட்டைப் போட்டு என் கண்ணிலேயே பிடித்துக்கொண்டு வந்தான். அவன் கடந்து போனதும் நாலைந்து நொடிக்கு எனக்கு ரோடே இல்லை. கறுப்பாக ஒரு பள்ளம்தான் இருந்தது. அந்த நாலைந்து நொடியும் நான் ஓட்டவில்லை, வண்டி தானாக ஓடியது.

வேகத்தைக் குறைத்திருக்கலாம். கோபம் வந்தவன் எங்கே குறைப்பான்? ஏழு பேர் அப்படி அடித்தார்கள். ஏழு பேரின் அம்மாவையும் இழுத்தேன். மச்சான் எழுந்து உட்கார்ந்து, “என்ன மாப்ள, ஊரே உன் மேல கோவமா இருக்கு?” என்றார். எனக்கு முதுகெல்லாம் வியர்த்திருந்தது. அறுபத்தைந்து தப்படி எண்ணி வாங்கின வண்டி, இருபது தப்படி கூடத் தெரியவில்லை, ஏன் என்று புரியவில்லை. தார்ப்பாய் எதையும் இன்னும் காணோமே, காணோமே என்று மனசு அடித்துக்கொண்டது. காணோம் என்றால் இல்லை என்று அர்த்தமா, தெரியவில்லை என்று அர்த்தமா?

எட்டாவது ஆள் ஒரு லாரி. நாலு முறை லைட் அடித்தான், அப்புறம் பிரைட்டைப் போட்டான். நானும் போட்டேன். அவன் ஹாரனில் கையை வைத்தான். நானும் வைத்தேன், எடுப்பேனா? பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டி, “லைட்ட எறக்குடா, மடையா!” என்றான்.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ரோட்டின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து குதித்தேன். “எறங்குடா கீழ! டிம் லைட்டுக்கும் பிரைட்டுக்கும் வித்தியாசம் தெரியாம யாருடா உனக்கு லைசென்ஸ் குடுத்தது?”

லாரிக்காரரும் நிறுத்திவிட்டு இறங்கினார். வயசானவர், தோளில் துண்டு. அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்து வண்டிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய், “நீயே பாரு” என்றார்.

பார்த்தேன். என் விளக்கு எதிரே ரோட்டோரத் தென்னையின் மட்டையில் எரிந்துகொண்டிருந்தது. ரோட்டில் வெறும் சாம்பல் நிறம். மிச்சமெல்லாம் மேலே பனியில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது. பின்னால் வண்டி தரையோடு உட்கார்ந்திருந்தது, மூக்கு ஆகாயத்தைப் பார்த்தது. காலி வண்டியில் சோதித்துப் பார்த்து வாங்கினேன். ஏர்போர்ட்டில் ஆளை ஏற்றி வருகிற வண்டி என்றைக்கய்யா காலியாக வந்திருக்கிறது?

“பெட்டிய எறக்குங்க மச்சான்” என்றேன். அவரும் லாரிக்காரரும் பின்கதவைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். நான் முன்னால் ஓரமாக நின்றேன். டிவி இறங்கியதும் வெளிச்சம் தென்னை மட்டையிலிருந்து மரத்தின் நடுவுக்கு வந்தது. இரண்டு பெட்டி இறங்கியதும் அடிமரத்துக்கு வந்தது. நாலாவது பெட்டியைத் தூக்கியபோது ரோட்டில் விழுந்தது.

இடது பக்கம் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு கறுப்பாக ஒரு மேடு. ஓரத்தில் வரிசையாகக் கல். அதற்கும் இந்தப் பக்கம், எங்கள் பக்கம், வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே இரண்டு பாதம்.

“ஐயோ, நான் தாண்டி வர்றப்ப இது தெரியவே இல்லையே. உன் லைட்டுதான் கண்ணுல இருந்துச்சு” என்றார் லாரிக்காரர்.

மச்சான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். நான் நடந்தேன். என்னை அறியாமல் எண்ணிக்கொண்டு நடந்தேன். பம்பரிலிருந்து அந்தக் கால் வரைக்கும் பத்தொன்பது தப்படி. அந்த ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் டார்ச் லைட் இருந்தது. எழுப்ப எனக்குத் தைரியம் இல்லை, ரோட்டிலேயே குத்தவைத்து உட்கார்ந்தேன். லாரிக்காரர்தான் அவரைத் தட்டி எழுப்பிக் குவியலுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுக்கச் சொன்னார். அவர் போனார், தூக்கக் கலக்கத்தில் எங்களை எதுவும் கேட்கவில்லை.

நான் பொறுமைசாலியாக இருந்திருந்தால், அந்த வசவைக் காதில் வாங்காமல் போயிருந்தால், என்று இன்றைக்கும் யோசிப்பேன். கோபத்தை விடு, கோபத்தை விடு என்று வீட்டில் தினமும் சொல்வார்கள். அந்தப் பத்தொன்பது தப்படியை நினைத்துக்கொள்வேன்.

பெட்டிகளில் கனமானதை முன்சீட்டிலும் நடு சீட்டிலும் அடுக்கி, நாற்பதைத் தாண்டாமல் ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் அதே பெட்டிகளைப் பின்னால் ஏற்றி, ரைஸ்மில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, விளக்குக்குப் பின்னால் இருக்கிற திருகாணியைத் திருப்பி வெளிச்சத்தை இறக்கினேன். காலி வண்டிக்கு ஒரு அடையாளம், லோடு வண்டிக்கு ஒரு அடையாளம் என்று திருகாணியில் பெயிண்டால் புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் ஏர்போர்ட்டில் பெட்டி ஏற்றிய ஒவ்வொரு தடவையும் பானட்டைத் திறந்து ஸ்க்ரூடிரைவரோடு குனிவேன். மற்ற டிரைவர்கள், “அண்ணன் லைட்டுக்கு ஊசி போடுறாரு” என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அன்றைக்கு விடியற்காலையில் வீட்டு வாசலில் மனைவி காபியோடு நின்றாள். அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“வழியில நெல்லு கெடந்துச்சா?”

“கெடந்துச்சு.”

“எத்தன தப்படியில தெரிஞ்சுது?”

மச்சான் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலையில் அடித்துப் பண்ணின சத்தியம் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. “அறுபத்தஞ்சு” என்றேன்.

“நான்தான் அன்னைக்கே எண்ணிச் சொன்னேனே” என்று சந்தோஷமாக உள்ளே போனாள்.